ஹைட்ராக்சோகோபாலமின் சயனைடை எப்படிப் பிடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவர்களோடு பேசும்போதெல்லாம், வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமும் சயனைடு முறிவுமான இந்த மருந்தைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தீ விபத்துப் புகையில் சிக்கியவர்களை மனதில் வைத்து எழுதியது. இந்த மருந்து அதிகம் பயன்படும் இடம் அதுதான்.

சயனைடு உடம்புக்குள்ள போய் அப்படி என்னதான் பண்ணுது?

ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அடைத்துவிடுகிறது. நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்று ஒரு என்சைம் இருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேர்வது இங்கேதான். அந்த என்சைமில் ஒரு இரும்பு அணு உண்டு. அது Fe³⁺ நிலையில் இருக்கும்போது சயனைடு அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு ஆக்சிஜன் வந்தாலும் வேலை நடக்காது.

இதனால்தான் சயனைடு விஷத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல்கள் மூச்சுத் திணறுகின்றன. பயன்படாத ஆக்சிஜன் அப்படியே திரும்பி வருவதால் சிரை ரத்தம்கூடச் சிவப்பாக இருக்கும். செல்கள் வேறு வழியில்லாமல் ஆக்சிஜன் இல்லாத பாதையில் சர்க்கரையை உடைக்கின்றன. லாக்டேட் மளமளவென்று ஏறுகிறது. இந்த லாக்டேட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும். மூளையும் இதயமும்தான் முதலில் அடிவாங்கும், ஏனென்றால் அவற்றுக்கு ஆற்றல் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது.

வைட்டமின் பி12 விஷத்தை முறிக்கும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். ஆனால் வைட்டமினாக அது செய்யும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே நமக்குத் தேவைப்படுவது அதன் நடுவில் இருக்கும் கோபால்ட் அணு மட்டும்தான்.

கோபாலமின் மூலக்கூறின் நடுவே ஒரு தட்டையான வளையம் இருக்கிறது. அதன் மையத்தில் ஒரு கோபால்ட் அணு. வளையத்தில் இருக்கும் நான்கு நைட்ரஜன்கள் அதை நான்கு பக்கமும் பிடித்திருக்கின்றன, கீழேயிருந்து ஐந்தாவதாக ஒரு பிடி இருக்கிறது. மேலே ஆறாவது இடம். அங்கே என்ன உட்கார்ந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் பெயர் மாறும். ஹைட்ராக்சில் இருந்தால் ஹைட்ராக்சோகோபாலமின், மெத்தில் இருந்தால் மெத்தில்கோபாலமின், சயனைடு இருந்தால் சயனோகோபாலமின்.

ரத்தத்தின் காரத்தன்மையில் ஹைட்ராக்சோகோபாலமினின் அந்த ஆறாவது இடத்தில் பெரும்பாலும் ஒரு தண்ணீர் மூலக்கூறுதான் இருக்கும். அதன் பிடி பஸ் சீட்டில் துண்டு போட்டு வைத்த மாதிரிதான். சயனைடு வந்ததும் துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும், அப்புறம் லேசில் எழுந்திருக்காது. கோபால்டுக்கும் சயனைடுக்கும் அவ்வளவு நெருக்கம். கணக்காக எழுதினால் இவ்வளவுதான்:

Cbl-OH + HCN → Cbl-CN + H₂O

கிடைப்பது சயனோகோபாலமின். மாத்திரையாக விற்கும் அதே பொருள். விஷம் இல்லை, தண்ணீரில் கரையும், சிறுநீரில் வெளியேறிவிடும். இது எலிகளில் வேலை செய்வதை 1952-லேயே காட்டிவிட்டார்கள்.

என்சைம்ல ஏற்கெனவே ஒட்டிக்கிட்ட சயனைடை இது போய்ப் பிடுங்குமா?

நேராகப் போய்ப் பிடுங்க வேண்டிய தேவையே இல்லை. என்சைமின் இரும்போடு சயனைடு கொள்ளும் பிணைப்பு நிரந்தரமானது அல்ல. ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். சுற்றி சயனைடு நிறைய இருக்கும்வரை, விட்ட இடத்தில் இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் என்சைம் எப்போதும் அடைபட்டே இருக்கும்.

பிளாஸ்மாவில் ஹைட்ராக்சோகோபாலமின் வந்து சுதந்திரமாகத் திரியும் சயனைடைக் கட்டிப்போட்டுவிட்டால் ரத்தத்தில் அதன் அளவு சடாரென்று இறங்கும். உடனே செல்லுக்குள் இருக்கும் சயனைடு வெளியே நகரும். ஹைட்ரஜன் சயனைடு மிகச் சின்ன மூலக்கூறு, செல் சவ்வை எளிதில் தாண்டும். என்சைமிலிருந்து விடுபட்டது திரும்பி ஒட்ட வழியில்லாமல் போகிறது. என்சைம் சேதமாகவில்லை, அடைபட்டுத்தான் இருந்தது. அடைப்பு எடுபட்டதும் பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் நிமிர்வது இதனால்தான்.

மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற பி12 ஊசியையோ மாத்திரையையோ கொடுத்தா என்ன?

எந்த பி12 என்பது முதல் கேள்வி. சயனோகோபாலமின் என்றால் ஆறாவது இடத்தில் ஏற்கெனவே சயனைடு இருக்கிறது, இன்னொன்றுக்கு இடமில்லை. (அந்தச் சயனைடு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பாக்டீரியா தயாரிக்கும் கோபாலமினை நீண்ட நாள் கெடாமல் வைப்பதற்காகத் தொழிற்சாலையில் சேர்ப்பதுதான். மாத்திரையில் இருக்கும் அளவு மைக்ரோகிராம்களில் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.) நம்மூரில் நரம்புத் தளர்ச்சி, கைகால் மரத்துப்போதல் என்று எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் மெத்தில்கோபாலமின். அதில் மெத்தில் கோபால்டோடு கெட்டியாகப் பிணைந்திருக்கிறது. சயனைடுக்கு வழிவிடத் தயாராக அது உட்கார்ந்திருக்கவில்லை.

சரி, ஹைட்ராக்சோகோபாலமின் ஊசியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரத்தசோகைக்கான ஒரு ஊசியில் 1 மில்லிகிராம் இருக்கும். சயனைடு விஷத்துக்கு முதல் டோஸ் 5 கிராம். 5,000 ஊசிகளை உடைக்க வேண்டும். வாய்வழியாகக் கொடுத்தாலும் பயனில்லை, குடல் ஒரு நேரத்தில் உறிஞ்சும் பி12-இன் அளவு அற்பம்.

அது ஏன் அஞ்சு கிராம்? இவ்வளவு மருந்து எதுக்கு?

ஒரு கோபாலமின் ஒரே ஒரு சயனைடைத்தான் பிடிக்கும். ஆனால் எடையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஹைட்ராக்சோகோபாலமினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,346, சயனைடுக்கு 26. ஆக 1 மில்லிகிராம் சயனைடைப் பிடிக்கச் சுமார் 52 மில்லிகிராம் மருந்து வேண்டும். இந்தக் கணக்கில் 5 கிராம் மருந்து பிடிப்பது சுமார் 97 மில்லிகிராம் சயனைடு.

இது போதுமா? புகையில் சிக்கிய ஒருவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 100 மைக்ரோமோல் சயனைடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது உயிருக்கு ஆபத்தான அளவு. உடலில் 5 லிட்டர் ரத்தம் என்றால் மொத்தம் அரை மில்லிமோல். 5 கிராம் மருந்து என்பது சுமார் 3.7 மில்லிமோல். ரத்தத்தில் இருப்பதைப் போல ஏழு மடங்கு. திசுக்களில் பதுங்கியிருந்து வெளியே வருவதற்காகத்தான் அந்த மிச்சம். அந்த அளவு தெரியாததால் 5 கிராமில் நிலைமை சீராகவில்லை என்றால் இன்னொரு 5 கிராம் கொடுப்பார்கள். மொத்தம் 10 கிராம் வரை. புகை விஷயத்தில் வெளியே வந்ததும் உள்ளே போவது நின்றுவிடுகிறது. சயனைடு உப்பை விழுங்கியவருக்கு அப்படி அல்ல, வயிற்றிலிருந்து தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். மருந்து பற்றாமல் போவது அங்கேதான்.

வீடு எரிஞ்சா சயனைடு எங்கிருந்து வரும்? அது கெமிக்கல் ஃபேக்டரி இல்லையே?

சோபா, மெத்தை, திரைச்சீலை, கம்பளம். நைட்ரஜன் உள்ள எந்தப் பொருள் காற்றுப் போதாமல் புகைந்து எரிந்தாலும் ஹைட்ரஜன் சயனைடு வரும். பாலியூரித்தேன் ஃபோம், நைலான், கம்பளி, பட்டு எல்லாமே அப்படித்தான். மூடிய அறையில் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் சேர்ந்தே வரும்.

2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியா நகரில் ஒரு இரவு விடுதியில் தீப்பிடித்தது. கூரையில் ஒலித்தடுப்புக்கு ஒட்டியிருந்த ஃபோம் எரிந்தது. 242 பேர் இறந்தார்கள், பலர் தீக்காயம் இல்லாமலே. ஹைட்ராக்சோகோபாலமினை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது, வந்து சேர நாட்கள் ஆகின. ரத்தத்தில் சயனைடு மணிக்கணக்கில் குறைந்துவிடும், ஆகவே நாள் கழித்து வரும் மருந்து நிமிடங்களில் செய்திருக்கக்கூடிய வேலையைச் செய்ய முடியாது. கையிருப்பு பற்றிப் பேசும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான்.

ரத்தத்துல சயனைடு இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுக் கொடுக்கலாமே?

டெஸ்ட் உண்டு, ஆனால் முடிவு வருவதற்குள் நோயாளியின் கதை ஏதோ ஒரு பக்கம் முடிந்துவிட்டிருக்கும். அதனால் சந்தேகத்தின் பேரில்தான் கொடுக்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் கணக்கு உண்டு. மூடிய இடத்துப் புகை, மூக்கிலோ வாயிலோ கரி, மயக்கம் அல்லது குழப்பம், இறங்கிய ரத்த அழுத்தம், அத்தோடு லாக்டேட். பாரிஸ் தீ விபத்துகளில் மீட்கப்பட்டவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து 1991-இல் வெளியான ஆய்வில், பெரிய தீக்காயம் இல்லாதவருக்கு லாக்டேட் லிட்டருக்கு 10 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சயனைடின் அடையாளம் என்று காட்டினார்கள். முதல் கேள்வியில் சொன்ன லாக்டேட் இதுதான். ஆய்வகத்தில் காத்துக்கிடக்க வேண்டாம், ரத்த வாயு மெஷினே சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். படுக்கையறையில் மெத்தை புகைந்து, நாற்பது வயதுக்காரர் ஒருவரைத் தீயணைப்பு வீரர்கள் வெளியே தூக்கி வருகிறார்கள். உடலில் தீக்காயம் ஏதுமில்லை. நாசியில் கரி, கூப்பிட்டால் முனகல் மட்டும். மேல் அழுத்தம் 80, லாக்டேட் 13, கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினான கார்பாக்சிஹீமோகுளோபின் 25 சதவீதம். 25 சதவீதக் கார்பன் மோனாக்சைடு ஒருவரை மயக்கத்தில் தள்ளலாம்தான், ஆனால் 13 லாக்டேட்டையும் 80 அழுத்தத்தையும் அது மட்டும் விளக்காது. சயனைடும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முழு ஆக்சிஜன், ரத்த மாதிரிகள், உடனே 5 கிராம். சில நிமிடங்களில் அழுத்தம் ஏறி, அடுத்த சில மணி நேரத்தில் லாக்டேட் இறங்கினால் கணிப்பு சரி.

எப்படிக் கொடுக்கிறாங்க? நேரா நரம்புல ஏத்திடலாமா?

சிரை வழியாகத்தான், ஆனால் சொட்டாக. சயனோகிட் என்ற பெயரில் வரும் பெட்டியில் 5 கிராம் கருஞ்சிவப்புப் பொடி ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கும். அதில் 200 மில்லி நார்மல் சலைனை விட்டு, ஒரு நிமிடம் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். பெரியவர்களுக்கு 15 நிமிடத்தில் முழுவதும் ஏற வேண்டும், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 15 மில்லி.

குழந்தைகளுக்கு எடைக் கணக்கு, கிலோவுக்கு 70 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 1,050 மில்லிகிராம். கரைத்த மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருப்பதால் 42 மில்லி. பரபரப்பில் இந்தக் கணக்கு தடுமாறும், முன்பே எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

இன்னொன்று, இந்த மருந்துக்கென்று ஒரு தனி லைன் வேண்டும். டோபமின், டயஸிபாம், ரத்தம் போன்றவற்றோடு ஒரே குழாயில் ஓடவிடக் கூடாது. இன்னொரு சயனைடு முறிவான தயோசல்பேட்டும் அப்படியே.

முன்னாடி நைட்ரைட் கொடுத்துட்டு இருந்தாங்களே, அது வேலை செய்யாதா?

செய்யும், ஆனால் சுற்றுவழியில். நைட்ரைட் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பை Fe²⁺-லிருந்து Fe³⁺-ஆக மாற்றி மெத்தீமோகுளோபின் ஆக்குகிறது. சயனைடு Fe³⁺-ஐத் தேடிப் போவதால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் மெத்தீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. மேலே சொன்ன நாற்பது வயதுக்காரருக்கு ஹீமோகுளோபினில் கால்வாசி ஏற்கெனவே கார்பன் மோனாக்சைடால் போய்விட்டது. மிச்சத்திலும் கைவைத்தால்? அதோடு நைட்ரைட் ரத்தக்குழாயை விரித்து அழுத்தத்தையும் இறக்கும், அவருக்கோ ஏற்கெனவே 80. புகை நோயாளிக்கு ஹைட்ராக்சோகோபாலமினை முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான்: ஹீமோகுளோபினை அது தொடுவதில்லை.

தயோசல்பேட் வேறு ரகம். உடலின் ரோடனீஸ் என்சைமுக்குக் கந்தகம் கொடுத்து, சயனைடைத் தயோசயனேட்டாக மாற்ற உதவுகிறது. பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. ஹைட்ராக்சோகோபாலமின் கையில் இல்லாத இடத்தில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும், அங்கே தயோசல்பேட்டுக்கு நிச்சயம் இடமுண்டு.

மருந்து ஏறினதும் பேஷன்ட் செக்கச்செவேல்னு ஆயிட்டார், அலர்ஜியா?

பெரும்பாலும் இல்லை, அது மருந்தின் நிறம். தோல், கண்ணின் வெள்ளை, சிறுநீர் எல்லாம் சிவக்கும். தோல் இரண்டு வாரம் வரையும் சிறுநீர் ஐந்து வாரம் வரையும் சிவந்திருக்கலாம். சிறுநீர்ப் பையைப் பார்த்துவிட்டு ரத்தம் போகிறது என்று உறவினர்கள் அலறுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறம் போகும்வரை வெயிலில் அலையக் கூடாது. நிஜ அலர்ஜி அரிது. தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு சேர்ந்து வந்தால்தான் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும்.

பிரஷர் இறங்கும்னு பார்த்தா 180-க்கு ஏறிடுச்சே?

இதுவும் எதிர்பார்த்ததே. ஹைட்ராக்சோகோபாலமின் சயனைடை மட்டும் பிடிப்பதில்லை, ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடையும் பிடிக்கிறது. தளர்த்துவது குறைந்தால் குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். பொதுவாகச் சில மணி நேரத்தில் தானே இறங்கிவிடும். அதிர்ச்சியில் வந்த நோயாளிக்கு இது ஒருவகையில் வரம்தான்.

லேப் ரிப்போர்ட் எல்லாம் கன்னாபின்னான்னு வருது. மெஷின் கோளாறா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, ரத்தம்தான் சிவப்புச் சாயத்தில் இருக்கிறது. நிறத்தை அளந்து முடிவு சொல்லும் பரிசோதனைகள் எல்லாம் குழம்பும். கிரியேட்டினின், பிலிருபின், மெக்னீசியம் ஆகியவற்றை நம்ப முடியாது. கார்பாக்சிஹீமோகுளோபினும் தவறாக வரலாம். புகை நோயாளிக்கு அது முக்கியமான எண். ஆகவே மருந்துக்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள், அதற்காக மருந்தைத் தாமதிக்கவும் வேண்டாம்.

டயாலிசிஸ் யூனிட்டில் இன்னொரு தலைவலி உண்டு. ரத்தக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஒளி சென்சார், டயாலிசிஸ் திரவத்துக்குள் கசியும் இந்தச் சிவப்பைப் பார்த்து, ரத்தம்தான் வருகிறது என்று மெஷினை நிறுத்திவிடும். அதே வகை மெஷினை மாற்றினாலும் அதே கதைதான், வேறு வகை சென்சார் உள்ள மெஷினில் ஓடலாம். இந்த மருந்துக்குப் பிறகு சிறுநீரகப் பாதிப்பும் ஆக்சலேட் படிகங்களும் பதிவாகியிருப்பதால், நிறத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு விடாமல் சிறுநீரகத்தின் நிலையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

சயனைடே இல்லாதவருக்குக் கொடுத்துட்டா ஆபத்தா?

ஆபத்து குறைவு. சந்தேகத்தின் பேரில் கொடுக்கத் துணிவதே இதனால்தான். பிடிக்கச் சயனைடு இல்லையென்றால் பிடிபடாத மருந்து சிறுநீரில் போகும். மேலே சொன்ன சிவப்பு, அழுத்தம், லேப் குழப்பம், சிறுநீரகக் கவலை இவை மட்டும் மிஞ்சும். டைகோபால்ட் எடிடேட் என்ற பழைய கோபால்ட் மருந்தில் இந்தச் சலுகை கிடையாது, சயனைடு இல்லாத உடம்பில் அதுவே விஷமாகும்.

மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டு விஷமாயிட்டா இதைத்தான் கொடுப்பாங்களா?

சரியாக வேகாத கசப்பு மரவள்ளியைத் தின்று சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், அழுத்தம் இறங்கல் என்று கடுமையாக வந்தால் அதுவும் சயனைடுதான், அதே தர்க்கம் பொருந்தும். பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனதால் வரும் கால் விறைப்பு நோய்க்கு இந்த ஊசி பயன்படாது. அங்கே நரம்பு ஏற்கெனவே சேதமாகிவிட்டது.

இவ்வளவு நல்ல மருந்துன்னா, கொடுத்தும் ஏன் சிலர் பிழைக்கிறதில்ல?

பிரான்ஸில் புகையில் சிக்கிய 69 பேருக்குச் சம்பவ இடத்திலோ மருத்துவமனையிலோ இதைக் கொடுத்த ஆய்வு 2007-இல் வந்தது. 50 பேர் பிழைத்தார்கள். அந்த 69 பேரில் சயனைடு இருந்தது பின்னர் உறுதியானது 42 பேருக்கு, அவர்களில் 28 பேர் பிழைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு அதில் இல்லை, எனவே எத்தனை பேரை மருந்து மட்டுமே காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படி ஒரு குழுவை வைப்பதும் நியாயமில்லை.

பிழைக்காதவர்களிடம் வேறு கணக்குகள் இருக்கும். இதயம் நின்றபிறகு மீட்கப்பட்டவரின் மூளை, மருந்து சயனைடைப் பிடிப்பதற்கு முன்பே ஆற்றலின்றிச் சேதமாகியிருக்கும். மருந்து என்சைமைத் திறந்துவிடும், செத்த செல்லை எழுப்பாது. கார்பன் மோனாக்சைடை இது தொடாது, அதற்கு ஆக்சிஜன்தான். சுட்ட காற்றால் வீங்கிய தொண்டையையும் கரி படிந்த நுரையீரலையும் தொடாது. அதனால்தான் எந்த வரிசையில் பார்த்தாலும் மூச்சுக்குழாயும் ஆக்சிஜனும் முதலில், இந்தக் குப்பி அவற்றோடு சேர்ந்து. பொதுமக்கள் செய்யக்கூடியது 108-ஐ அழைத்து, புகையில் சிக்கியவர் என்பதையும் மூடிய அறையில் என்ன எரிந்தது என்பதையும் தெளிவாகச் சொல்வது. மெத்தை என்றோ சோபா என்றோ சொன்னால், அதைக் கேட்கும் டாக்டருக்குச் சயனைடு நினைவுக்கு வர வாய்ப்பு அதிகம்.